'கண்ணு சிவந்திருக்கு, பீளை ஒட்டுது... ஸ்கூலுக்கு அனுப்பலாமா?' - நர்ஸுக்கு எழுதும் சீட்டில் என்ன இருக்க வேண்டும்?

திங்கட்கிழமை காலை. வத்தலக்குண்டில் ஒரு வீடு. இரண்டாம் வகுப்புப் பையன் தூங்கி எழுந்ததும் "அம்மா, கண்ணு திறக்க வரலம்மா" என்கிறான். இமை ஒட்டிக்கிடக்கிறது. இமை முடியில் மஞ்சளாகக் காய்ந்த பீளை. துடைத்துப் பார்த்தால் வெள்ளை விழி சிவந்திருக்கிறது. ஸ்கூல் வேன் வர இன்னும் அரை மணி நேரம்தான். அம்மா டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புகிறார்: "சிஸ்டர், பையனுக்கு கண்ணு சிவந்திருக்கு, பீளை தள்ளுது. கிளாஸ்ல உட்காரலாமா?"

இது ஓர் உதாரணம்தான். ஆனால் மழைக்காலம் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் நடப்பது இதுதான். இந்தச் சீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிவப்பு, பீளை என்ற இரண்டு தகவல்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நர்ஸாலும் சரியான பதில் சொல்ல முடியாது. தொற்றும் கண் நோயிலும் கண் சிவக்கும், தொற்றாத அலர்ஜியிலும் சிவக்கும், பார்வையைப் பறிக்கக்கூடிய கருவிழிப் புண்ணிலும் சிவக்கும். அப்படியானால் அந்தச் சீட்டில் வேறு என்ன எழுத வேண்டும்? அதைப் படித்துவிட்டு பள்ளி என்ன முடிவு எடுக்க வேண்டும்?

சுருக்கமான பதில் என்ன?

கண்ணில் தண்ணீரோ பீளையோ வடிந்துகொண்டிருக்கும் வரை பிள்ளை வீட்டில் இருப்பது நல்லது. அரிப்பு மட்டும் இருக்கிறது, இது அலர்ஜிதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றால் வகுப்புக்கு வரலாம். வலி, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பள்ளிக்கும் வேண்டாம், வீட்டிலும் வேண்டாம். அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

கண் ஏன் சிவக்கிறது? பீளை என்ன சொல்கிறது?

வெள்ளை விழியின் மேலும் இமையின் உட்புறமும் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அது அழற்சி அடையும்போது அதிலுள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து கண் சிவக்கிறது. நம் ஊரில் இதைத்தான் 'கண்ணு வலி' என்றும் 'மெட்ராஸ் ஐ' என்றும் சொல்கிறோம். பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் மூன்று காரணங்களால் வருகிறது.

முதலாவது, வைரஸ். மெட்ராஸ் ஐ பரவும் காலங்களில் அடிக்கடி பிடிபடுவது அடினோ வைரஸ். இதில் பகல் முழுக்கத் தண்ணீராக வடியும். மணல் விழுந்தது போல உறுத்தும். ஒரு கண்ணில் தொடங்கி ஓரிரு நாளில் அடுத்த கண்ணுக்குப் போகும். சில பிள்ளைகளுக்குத் தொண்டை வலியோ காய்ச்சலோ சேர்ந்து வரும். காதுக்கு முன்னால் தொட்டுப் பார்த்தால் சின்னதாக நெறி கட்டியிருக்கும்.

இரண்டாவது, பாக்டீரியா. பெரியவர்களை விடப் பிள்ளைகளுக்கு இது அதிகம் வரும். இதில் வடிவது கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைப் பீளை. துடைத்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடி சேர்ந்துவிடும்.

மூன்றாவது, அலர்ஜி. இதில் முதலில் வருவது அரிப்பு. பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும். வெயில் காலத்தில் கூடும், வருஷா வருஷம் திரும்பி வரும். கண்ணில் நூல் நூலாக வெள்ளைப் பீளை இழுக்கும். நம்முடையதைப் போன்ற வெப்பப் பகுதிகளில் பள்ளி வயது ஆண் பிள்ளைகளுக்கு இது சகஜம். இது யாருக்கும் தொற்றாது.

இங்கேதான் பல பெற்றோர் ஏமாறுகிறார்கள். காலையில் இமை ஒட்டியிருந்தால் 'சீழ் பிடிச்சிருச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் ராத்திரி முழுக்கக் கண் மூடியே இருப்பதால், வைரஸில் வடியும் தண்ணீர்கூட காலைக்குள் காய்ந்து பொருக்காகிவிடும். இரண்டு கண்ணும் கெட்டியாக ஒட்டிக்கொள்வது பாக்டீரியா பக்கம் கை காட்டும் ஓர் அடையாளம்தான். ஆனால் அது மட்டுமே போதாது. காலையில் துடைத்துச் சுத்தம் செய்த பிறகு, பகலில் என்ன வடிகிறது என்பதுதான் கூடுதலாகத் துப்புக் கொடுக்கும். பீளையும் இல்லை, சிவப்பும் பெரிதாக இல்லை, இமை முடியின் அடியில் பொடுகு மாதிரி செதில் மட்டும் இருக்கிறது என்றால் அது இமை ஓர அழற்சியாக இருக்கலாம். அதுவும் தொற்றாது.

தமிழ்நாட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம்?

2022 நவம்பரில் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் மெட்ராஸ் ஐ மாநிலம் முழுக்கப் பரவியது. அப்போது சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் ஆய்வு செய்த மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன், தமிழ்நாட்டில் சுமார் ஒன்றரை லட்சம் பேர் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். பாதிக்கப்பட்டவர்கள் தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அந்த எழும்பூர் மருத்துவமனை 1819-ல் தொடங்கப்பட்டது. உலகின் பழைமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று. 2023-ல் நாட்டின் பல மாநிலங்களில் மறுபடியும் ஓர் அலை வந்தது.

இந்த நோய்க்குச் சென்னை மட்டும் பெயர் கொடுக்கவில்லை. 1971-ல் வங்கதேச விடுதலைப் போர் நேரத்தில் மேற்கு வங்கத்தில் பரவிய கண் நோயை அங்குள்ளவர்கள் 'ஜாய் பங்ளா' என்றே அழைத்தார்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் பரவும் வழி ஒன்றுதான்: கண்ணைத் தொட்ட கை, அந்தக் கை தொட்ட பொருள், அந்தப் பொருளைத் தொட்ட இன்னொரு கை. இரண்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரசி உட்காரும் பிள்ளைகளிடம் இந்தச் சங்கிலி அறுபடுவது கஷ்டம்.

அப்படியானால் சீட்டில் என்ன எழுத வேண்டும்?

நர்ஸுக்கு வேண்டியது நோயின் பெயர் இல்லை. எப்போது தொடங்கியது, எந்தக் கண், பகலில் என்ன வடிகிறது, அரிப்பா உறுத்தலா வலியா, வெளிச்சம் பார்க்க முடிகிறதா, கண்ணில் ஏதாவது பட்டதா, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது, என்ன மருந்து ஊற்றினீர்கள் என்பவைதான் வேண்டும். அந்தத் தாயின் ஒரு வரிச் சீட்டை இப்படி மாற்றி எழுதிப் பார்க்கலாம்:

> வணக்கம் சிஸ்டர். என் மகன் இரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு. சனிக்கிழமை சாயங்காலம் வலது கண் சிவந்தது. இன்று காலை இடது கண்ணும் லேசாகச் சிவந்திருக்கிறது. தூங்கி எழும்போது இமை ஒட்டுகிறது. துடைத்த பிறகு பகலில் கெட்டிப் பீளை இல்லை, தண்ணீர்தான் வடிகிறது. மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது என்கிறான். அரிப்பு இல்லை. ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கிறான். ஒரு கண்ணை மூடி மாற்றி மாற்றிக் காலண்டர் தேதியைப் படிக்கச் சொன்னேன், படிக்கிறான். காய்ச்சல் இல்லை, தொண்டை வலி இருக்கிறது. கண்ணில் குச்சியோ தூசியோ எதுவும் படவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போன வாரம் கண்ணு வலி. மருந்து எதுவும் ஊற்றவில்லை. இன்று வீட்டில் வைத்துக்கொள்கிறேன். எப்போது அனுப்பலாம் என்று சொல்லுங்கள்.

இதை எழுத ஐந்து நிமிஷம் ஆகும். ஆனால் படிக்கும் நர்ஸுக்கு இது போதும். தண்ணீர் வடிவதும், உறுத்தலும், இரண்டாவது கண்ணுக்குப் போனதும், தொண்டை வலியும், பக்கத்து வீட்டில் நோய் இருந்ததும் சேர்ந்து வைரஸ் பக்கம் கை காட்டுகின்றன. அரிப்பு இல்லை என்பதால் அலர்ஜி பின்னுக்குப் போகிறது. வெளிச்சம் பார்க்கிறான், எழுத்துத் தெரிகிறது, கண்ணில் எதுவும் படவில்லை என்ற மூன்று வரிகளும் ஆபத்தான காரணங்களை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கின்றன.

சீட்டிலேயே அதிகம் விட்டுப்போவது அந்தக் கடைசி மூன்று வரிகள்தான். உண்மையில் முதலில் எழுத வேண்டியதும் அவைதான்.

அந்தப் பையனின் ஒரு வாரம் எப்படிப் போகும்?

திங்கள், செவ்வாயில் இரண்டு கண்ணும் சிவந்து தண்ணீர் வடியும். அடினோ வைரஸ் என்றால் தொடங்கிய நான்காவது நாள் முதல் ஒரு வாரம் வரை உபாதை உச்சத்தில் இருப்பது வழக்கம். அதனால் 'மூணு நாளாச்சு, இன்னும் குறையலையே' என்று பயந்து மருந்து மாற்ற வேண்டியதில்லை. வீட்டில் செய்ய வேண்டியது, கொதித்து ஆறிய தண்ணீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே தடவை துடைத்துவிட்டு அந்தப் பஞ்சைக் குப்பையில் போடுவது. அடுத்த கண்ணுக்கு வேறு பஞ்சு. துடைத்தவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பையனுக்குத் தனித் துண்டு, தனித் தலையணை.

இதற்கு ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து வேண்டுமா? வைரஸை அது ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவாக இருந்தால் குணமாகும் நாள் கொஞ்சம் குறையும்; ஆனால் லேசான நோய் மருந்து இல்லாமலும் பெரும்பாலும் சரியாகிவிடும். எது என்பதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தாலும் ஒரே பாட்டிலை அண்ணன் தம்பி இருவருக்கும் ஊற்றக் கூடாது. பாட்டில் முனை ஒருவர் கண்ணில் பட்டால் அடுத்தவருக்கு அதுவே நோய் கொண்டுபோகும்.

வியாழன், வெள்ளியில் வடிவது குறையத் தொடங்கலாம். காலையில் இமை ஒட்டாமல் எழுந்து, பகலிலும் தண்ணீர் வடியவில்லை என்றால் பள்ளிக்குத் திரும்பலாம். லேசான சிவப்பு இன்னும் சில நாள் மிச்சமிருக்கும். அதற்காக மட்டும் நிறுத்திவைக்க வேண்டாம். மறுபக்கம், சிவப்பு போன மாதிரி தெரிந்தாலும் கண் கசிந்துகொண்டே இருந்தால் அனுப்பக் கூடாது. சிலருக்கு இந்தக் கசிவு இரண்டு வாரம் வரைகூட நீளும்.

கணக்கு அதோடு முடியவில்லை. அடினோ வைரஸ் உடம்பில் புகுந்து அறிகுறி தெரிய ஐந்து முதல் பன்னிரண்டு நாள் வரை ஆகலாம். பையன் சனிக்கிழமை வீட்டில் தங்கைக்குத் தொற்ற வைத்திருந்தால், அவளுக்குக் கண் சிவப்பது அவன் குணமாகிப் பள்ளிக்குப் போன பிறகாக இருக்கலாம். அதனால்தான் நர்ஸ் அந்த வகுப்பின் பெயர்ப் பட்டியலில் இரண்டு வாரத்துக்காவது கண் வைத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டில் கண் சிவந்தாலும் பள்ளிக்கு வரலாமாமே?

உண்மைதான். சாதாரணக் கண்ணு வலிக்காகப் பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்தத் தேவையில்லை என்பது பிரிட்டன் அரசின் வழிகாட்டுதல். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும், காய்ச்சல் போன்ற வேறு காரணம் இல்லாவிட்டால் நிறுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. காரணம், பெரும்பாலான கண்ணு வலி சளி மாதிரி தானே சரியாகக்கூடியது. அதற்காகப் பாடம் கெடக் கூடாது, பெற்றோர் வேலையும் கெடக் கூடாது என்பது அவர்கள் பார்வை.

இங்கே அலை வீசும் நேரத்தில் வீட்டில் இருக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. அடினோ வைரஸின் சில வகைகள் கருவிழியில் சின்னச் சின்னப் புள்ளிகளை விட்டுப் போகின்றன. அதனால் பார்வை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மங்கலாக இருக்கலாம். நாற்பது பிள்ளைகள் நெருக்கி உட்காரும் வகுப்பில், ஒரே குழாயடியில் கை கழுவும் இடத்தில், ஒருவரிடமிருந்து பலருக்குப் போகும் வாய்ப்பும் அதிகம். அதே சமயம் பரீட்சை நாளில் லேசான நோயோடு வரும் பிள்ளையைத் தனி அறையில் எழுத வைப்பதும் நியாயமான வழிதான்.

சில பள்ளிகளில் 'மருந்து ஊற்றி 24 மணி நேரம் ஆனால் வரலாம்' என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். இது பாக்டீரியா நோய்க்கு மட்டுமே பொருந்தும். வைரஸ் கண்ணில் சொட்டு மருந்து ஊற்றி ஒரு நாள் ஆனாலும் தொற்றும் தன்மை அப்படியேதான் இருக்கும்.

எப்போது இது மெட்ராஸ் ஐ இல்லை?

வத்தலக்குண்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தென்னந்தோப்பும் வயலும்தான். லீவு நாளில் பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான். விளையாடும்போது ஈர்க்குச்சி, நெல் உமி, இலை நுனி, மண் எது கண்ணில் பட்டாலும் கருவிழியில் கீறல் விழலாம். அந்தக் கீறல் வழியாகக் கிருமி புகுந்தால் கருவிழிப் புண். அதுவும் சிவப்பாகத்தான் தொடங்கும். ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ இருக்கும் நேரத்தில் 'இவனுக்கும் அதுதான்' என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1997-ல் வெளியானது. அவர்களில் பெரும்பாலானோர் கண்ணில் ஏதோ பட்ட பிறகு வந்தவர்கள். பரிசோதனையில் கிருமி வளர்ந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் காரணம் பூஞ்சை. குளிர் நாடுகளில் இவ்வளவு பூஞ்சைப் புண் கிடையாது. நம் பகுதியில் அது சாதாரணம்.

இந்த இடத்தில்தான் மெடிக்கலில் 'கண்ணு வலிக்கு ஏதாவது சொட்டு மருந்து கொடுங்கண்ணே' என்று கேட்டு வாங்குவது கெடுதலாக முடிகிறது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை ஊற்றினால் சிவப்பு ஒரே நாளில் குறைந்துவிடும், பிள்ளையும் பள்ளிக்குப் போய்விடும். ஆனால் உள்ளே பூஞ்சையோ ஹெர்பிஸ் வைரஸோ இருந்தால் அது தடையில்லாமல் வளரும். பாட்டில் மேல் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் ஊற்றக் கூடாது. தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச் சாறு போன்றவற்றையும் கண்ணில் விட வேண்டாம். அவற்றில் புதுக் கிருமி இருந்தால் கீறல் உள்ள கண்ணுக்கு அது போதும்.

கண்ணைத் திறக்கவே முடியாத வலி, வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது, ஒரு கண்ணில் எழுத்து மங்குவது, கருவிழியில் வெள்ளையாகத் தெரிவது, இமை வீங்கிக் காய்ச்சல் அடிப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கிளம்ப வேண்டும். வத்தலக்குண்டுக்காரர்களுக்குத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திண்டுக்கல், தேனி, மதுரை மூன்று ஊர்களிலும் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. பச்சைக் குழந்தைக்குப் பிறந்த முதல் மாதத்தில் கண் சிவந்து பீளை வந்தால், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் உடனே காட்ட வேண்டும்.

பள்ளியில் நர்ஸே இல்லை என்றால்?

பெரிய தனியார் பள்ளிகளில்தான் நர்ஸ் இருப்பார். அரசுப் பள்ளிகளுக்கு நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வரும். மற்ற நாட்களில் சீட்டைப் படிப்பவர் வகுப்பு ஆசிரியர்தான். அவருக்கு மருத்துவம் தெரிய வேண்டியதில்லை. சீட்டில் வலி, கூச்சம், பார்வை, அடி பற்றிய வரிகள் இருந்தால், டாக்டரிடம் போகச் சொல்வதா, வீட்டில் இருக்கச் சொல்வதா என்பதை அவராலும் முடிவு செய்ய முடியும். சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம், 104 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

பிள்ளை வகுப்பில் இருக்கும்போதே கண் சிவந்தது தெரிந்தால், வீட்டிலிருந்து ஆள் வரும் வரை தனியாக உட்கார வைத்துக் கை கழுவச் சொன்னால் போதும். அவன் தொட்ட பெஞ்ச், கதவுக் கைப்பிடி, தண்ணீர்க் குழாய் மூன்றையும் ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் துடைக்க வேண்டும். அடினோ வைரஸ் காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சானிடைசருக்கு அது எளிதில் அடங்காது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் கைக்கு நம்பகமானவை.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம். சிவந்த கண்ணைப் பார்த்தால் நோய் ஒட்டாது. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டால் கூச்சம் குறையுமே தவிர அடுத்தவருக்குப் பரவுவது நிற்காது. அது தெரிந்துவிட்டால், திரும்பி வரும் பையனைப் பார்த்து யாரும் ஓடி ஒளிய மாட்டார்கள். அவனும் நோயை மறைத்துக்கொண்டு வகுப்பில் வந்து உட்கார மாட்டான்.